போட்டோ போன பிறகு மின்சுற்றுக் கணக்கை எழுத்தில் கேட்பது எப்படி?

கேள்வி: "கோச்சிங் சென்டர் மாதிரித் தேர்வு வினாத்தாளை போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். போன் ரீசெட் ஆனதில் போய்விட்டது. தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு மின்சுற்றுக் கணக்கு. 24 V, 9 V என்று இரண்டு பேட்டரி, 2, 3, 6 ஓம் என்று மூன்று தடை. 6 ஓம் தடையில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு? விடைகள் 1.5, 2, 2.5, 4 ஆம்பியர். 9 V பேட்டரி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று ஞாபகம் இல்லை. படம் இல்லாமல் இதை எப்படி டைப் செய்து கேட்பது?"

வேறு எதையும் செய்வதற்கு முன் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள், படமாகவும் வரைந்துவிடுங்கள். இதே மாதிரிக் கணக்கைத் தேடிப் புத்தகத்தையோ யூடியூபையோ அதற்கு முன்னால் திறக்க வேண்டாம். இரண்டு பேட்டரி, மூன்று தடை உள்ள கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் அதுதான் உங்கள் வினாத்தாளில் இருந்தது என்று மனம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எது தாளில் கண்டது, எது புத்தகத்தில் கண்டது என்று பிரிக்க முடியாது. எழுதி முடித்த பிறகு போட்டோவைத் தேடலாம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்து, நீங்களே தவறுதலாக அழித்திருந்தால், அது 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். பேக்கப் இல்லாமல் ரீசெட் ஆகியிருந்தால் அந்த வழி மூடிவிட்டது. யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது படத்தை எழுத்தாக்குவதற்கு வருவோம். பலரும் "இடது பக்கம் ஒரு பேட்டரி, அதற்கு மேலே 2 ஓம், நடுவில் 6 ஓம்" என்று எழுதுகிறார்கள். படிப்பவர் மனதில் இது வேறு படமாக விழும். மேலே என்றால் அதே கம்பியில் தொடராகவா, அல்லது மேல் பக்கத்துக் கம்பியிலா? நடுவில் என்றால் இரண்டு கண்ணிக்கும் பொதுவான கிளையிலா, அல்லது தாளின் நடுப்பகுதியிலா? மின்சுற்றுக்கு இடது, வலது என்பதே கிடையாது. எந்தப் பொருளின் எந்த முனை எந்தப் புள்ளியோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் விடையைத் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் கம்பிகள் கூடும் இடங்களுக்குப் பெயர் வையுங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகள் கூடும் சந்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. நடுவில் எந்தப் பொருளும் இல்லாமல் வெறும் கம்பியால் இணைந்த புள்ளிகள் எத்தனை இருந்தாலும் ஒரே எழுத்து. பிறகு, ஒரு சந்தியில் தொடங்கி அடுத்த சந்தி வரை வழியில் எவை வருகின்றன என்று கிளை கிளையாக எழுதினால் போதும்.

இந்த வகைக் கணக்கில் வழக்கமான மூன்று கிளை வடிவில்தான் உங்கள் சுற்றும் இருந்தது என்று கொண்டால், அதில் இரண்டே சந்திகள். மேலே உள்ளதை P என்றும் கீழே உள்ளதை Q என்றும் வைத்துக்கொண்டால், கணக்கை இப்படி டைப் செய்யலாம்:

```
P, Q: இரண்டு சந்திகள். இடையில் மூன்று கிளைகள்.
கிளை 1: P - 2 ohm - (+)24 V(-) - Q
கிளை 2: P - 6 ohm - Q
கிளை 3: P - 3 ohm - (+)9 V(-) - Q   [திசை ஐயம்]
கேள்வி: 6 ohm தடையில் மின்னோட்டம்?
விடைகள்: 1.5 A, 2 A, 2.5 A, 4 A
```

இதைப் படிப்பவர் ஒரே ஒரு சுற்றைத்தான் வரைய முடியும். பேட்டரிக்கு இரு பக்கமும் (+), (-) போட்டிருப்பதைக் கவனியுங்கள். "+ முனை மேலே" என்று எழுதினால் படிப்பவர் சுற்றை வேறு விதமாகத் திருப்பி வரைந்திருக்கும்போது குழப்பம் வரும். கிளை வரிசைக்குள்ளேயே குறி இருந்தால் எப்படித் திருப்பினாலும் பொருள் மாறாது. படத்தில் பேட்டரியின் நீளக் கோடு + முனை, குட்டைக் கோடு − முனை. "நீளக் கோடு 3 ஓம் பக்கம் இருந்தது" என்ற அளவுக்கு நினைவிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், குறியாக மாற்றும் வேலையை மற்றவர் பார்த்துக்கொள்வார்.

படமாகவே காட்ட விரும்பினால் எழுத்துகளாலும் வரையலாம்:

```
A---[2]---P---[3]---B
|         |         |
24V      [6]        9V
|         |         |
Q---------Q---------Q
```

இதைக் கண்டிப்பாக code block எனப்படும் நிரல் பெட்டிக்குள், அதாவது எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள பகுதிக்குள் போட வேண்டும். சாதாரணப் பத்தியில் ஒட்டினால் அடுத்தடுத்த இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கி, 6 ஓம் தடை போய் 24 V மேல் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, இப்படி வரைபவர்கள் மூலைகளுக்கு வழக்கமாக + குறியைப் போடுவார்கள். மின்சுற்றில் அது பேட்டரியின் முனையாகப் படிக்கப்படும். மூலைக்கும் A, B போல ஓர் எழுத்தையே போடுங்கள். இந்த வரைபடத்தில் பேட்டரியின் திசை தெரியாது, அதனால் மேலே கொடுத்த கிளைப் பட்டியலை எடுத்துவிட்டு இதை மட்டும் போடக் கூடாது.

நீங்கள் கொடுத்த எண்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று போடுவதற்கு முன் நீங்களே பார்த்துவிட முடியும். Q-வின் மின்னழுத்தத்தைப் பூஜ்யம் என்றும், P-யின் மின்னழுத்தத்தை V என்றும் கொள்வோம். இரண்டு பேட்டரியின் + முனையும் P பக்கம் இருந்தால், P-க்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்ற கிர்க்காஃப் விதிப்படி:

```
(24 - V)/2 + (9 - V)/3 = V/6
72 - 3V + 18 - 2V = V
V = 15,  I = 15/6 = 2.5 A
```

9 V பேட்டரியைத் திருப்பிப் போட்டால் அந்த 18 கழித்தலாகிவிடும். 54 = 6V, அதாவது V = 9, விடை 1.5 A. ஆக இரண்டு திசைக்கும் விடை நீங்கள் சொன்ன நான்கில் இருக்கிறது. இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. பல விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கணக்கு அமைப்பவர்கள், மாணவர் குறியைத் தவறவிட்டால் என்ன எண் வருமோ அதையும் விடைகளில் ஒன்றாக வைப்பது வழக்கம். அதனால் விடைகளைப் பார்த்து பேட்டரியின் திசையைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். "2.5 விடைகளில் இருக்கிறது, எனவே நான் வரைந்த திசைதான் சரி" என்ற வாதம் இங்கே நிற்காது.

ஆனால் தடைகள் எந்தக் கிளையில் இருந்தன என்பதை விடைகளைக் கொண்டு நன்றாகவே சரிபார்க்கலாம். 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றி, 24 V-ஓடு 3 ஓம், 9 V-ஓடு 2 ஓம் என்று வைத்துப் பாருங்கள். 6 ஓமில் மின்னோட்டம் ஒரு திசைக்கு 2.08 A, மறு திசைக்கு 0.58 A. இரண்டுமே விடைகளில் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட கிளையில் இருந்தது 6 அல்ல, 3 ஓம் என்று வைத்து, 6-ஐ 9 V-ஓடு சேர்த்தால் 4.5 அல்லது 3.5 A. அதுவும் இல்லை. இன்னும் மூன்று விதமாக இந்த எண்களை அடுக்கலாம். அவற்றிலும் நான்கு விடைகளில் ஒன்றுகூட வருவதில்லை. ஆகவே எண்களும் விடைகளும் நீங்கள் சொன்னபடியே இருந்து, சுற்று இந்த மூன்று கிளை வடிவில்தான் இருந்தது என்றால், தடைகளின் இடம் உறுதி. பேட்டரியின் திசை மட்டும் தொங்கலில் இருக்கிறது. மொத்தப் படமும் மறந்துவிட்டது என்று தோன்றிய இடத்தில், உண்மையில் இல்லாமல் போனது ஒரே ஒரு குறிதான்.

அந்தக் குறியை மீட்க மூன்று இடங்கள் இருக்கின்றன. சிறந்தது உங்கள் ரஃப் தாள் அல்லது திருத்தித் தந்த விடைத்தாள். அதில் படம் வரைந்திருக்க வேண்டும் என்பதில்லை, சமன்பாடு இருந்தாலே போதும். உதாரணமாக இப்படி இரண்டு வரி கிடைக்கிறது என்று வையுங்கள்:

```
24 = 2 I1 + 6 (I1 + I2)
 9 = 3 I2 + 6 (I1 + I2)
```

முதல் வரியில் 24-ம் 2-ம் I1-ஓடு சேர்ந்து வருகின்றன, ஆகவே அவை ஒரே கிளை. 6-க்குப் பக்கத்தில் I1 + I2 என்று இருப்பதால் அது பொதுக் கிளை, இரண்டு மின்னோட்டமும் P-யில் வந்து சேர்வதாக நீங்கள் கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது வரியில் 9 கூட்டல் குறியோடு இருப்பதால் அந்த பேட்டரியின் + முனையும் P பக்கம். −9 என்று இருந்திருந்தால் எதிர்த்திசை. இதைத் தீர்த்தால் I1 = 4.5 A, I2 = −2 A, கூட்டினால் 2.5 A. I2 கழித்தலில் வருவதைப் பார்த்து திசை தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 24 V பேட்டரி 9 V பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது என்பதுதான் அதன் பொருள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரஃப் தாள் காட்டுவது தேர்வின்போது நீங்கள் படத்தை எப்படிப் படித்தீர்கள் என்பதை. அப்போதே குறியை மாற்றிப் படித்திருந்தால் சமன்பாடும் அந்தப் பிழையைச் சுமந்திருக்கும். திருத்தியவர் அந்த வரியைக் கடந்து போயிருந்தால் நம்பலாம். அந்த வரியிலேயே சுழித்திருந்தால் காரணம் குறியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது இடம், அதே படத்தை வைத்துக் கேட்ட அடுத்த கேள்வி. "சார்ஜ் ஆகும் பேட்டரி எது" என்பது போல ஒரு வாசகம் நினைவிருந்தால் விஷயம் முடிந்தது. இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருந்தால்தான் 9 V பேட்டரி சார்ஜ் ஆகும், 2 A வீதம். எதிர்த்திசையில் இருந்தால் இரண்டு பேட்டரியுமே மின்னோட்டத்தைத் தருகின்றன, 24 V கிளையில் 7.5 A, 9 V கிளையில் 6 A. மூன்றாவது, உடன் எழுதியவர். அவரிடம் "9 V எந்தப் பக்கம் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "ரெண்டு பேட்டரியும் ஒரே பக்கம்தானே இருந்தது?" என்று கேட்டால் நினைவில்லாதவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால், தெரியாததைத் தெரியாதது என்றே டைப் செய்யுங்கள். மேலே நான் [திசை ஐயம்] என்று போட்டது அதற்காகத்தான். ஊகித்த ஒரு திசையை உறுதிபோல எழுதிவிட்டால், பதில் சொல்பவர் 2.5 என்பார். கோச்சிங் சென்டர் விடைக்குறிப்பில் 1.5 என்று இருக்கும். யார் தவறு என்று பத்துப் பேர் வாதாடுவார்கள். "இந்தக் குறி மட்டும் ஐயம், இரண்டு திசைக்கும் விடை வேண்டும்" என்று எழுதினால் ஒரே பதிலில் இரண்டும் வந்துவிடும், விடைக்குறிப்பு வெளியானதும் படம் எது என்பதும் தெரிந்துவிடும். அதேபோல வினாத்தாளின் சொற்களையும் உங்கள் சொற்களையும் கலக்காதீர்கள். தாளில் இருந்த வாக்கியம் அப்படியே நினைவிருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கருத்து மட்டும் நினைவிருந்தால் மேற்கோள் வேண்டாம்.

சின்ன விஷயம்போலத் தெரிந்து விடையை மாற்றுகிற இன்னொன்று, அந்த 2 ஓமும் 3 ஓமும் தனித் தடைகளா, பேட்டரிகளின் அகமின்தடைகளா என்பது. 6 ஓமில் ஓடும் மின்னோட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் "24 V பேட்டரியின் முனைகளுக்கிடையே மின்னழுத்தம் என்ன" என்று கேட்டிருந்தால், தனித் தடை என்றால் 24 V, அகமின்தடை என்றால் 15 V, 9 V பேட்டரி எதிர்த்திசையில் இருந்தால் 9 V. தாளில் r என்று சிறிய எழுத்தில் இருந்ததா, புள்ளிக்கோட்டுப் பெட்டிக்குள் பேட்டரியோடு சேர்த்து வரைந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அம்மீட்டரோ சாவியோ இருந்திருந்தால் சாவி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றையொன்று கடக்கும் கம்பிகள் இருந்தால் கடக்கும் இடத்தில் புள்ளி இருந்ததா என்பதும் முக்கியம். புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் வெறுமனே தாண்டிப் போகிறது. கிளைப் பட்டியல் முறையில் எழுதினால் இந்தக் கடைசிச் சிக்கல் தானாகவே போய்விடும், ஏனென்றால் இணைப்பு இருந்தால்தான் அந்தப் புள்ளி சந்தியாகப் பட்டியலில் வரும்.

Ω குறி உங்கள் விசைப்பலகையில் இல்லாவிட்டால் ohm என்றே எழுதுங்கள். வெறும் O போட்டால் 2O என்பது 20 ஆகிவிடும். மைக்ரோவுக்கு u போதும். m, M இரண்டிலும் கவனம் வேண்டும். கையால் எழுதும்போது m மில்லி, M மெகா. ஆனால் மின்சுற்றைக் கணக்கிட்டுக் காட்டும் SPICE வகை மென்பொருள்கள் சிறிய, பெரிய எழுத்தை வேறுபடுத்துவதில்லை. அங்கே இரண்டுமே மில்லிதான், மெகாவுக்கு MEG என்று எழுத வேண்டும்.

SPICE பற்றிச் சொல்லக் காரணம், மேலே கொடுத்த கிளைப் பட்டியலைக் கொஞ்சம் மாற்றினால் ngspice, LTspice போன்ற இலவச மென்பொருள்களே அதைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், அதன் இரு முனைகள் சேரும் புள்ளிகள், அளவு. மின்மூலத்துக்கு முதலில் எழுதும் புள்ளி + முனை. Q-வுக்குப் பதில் 0 என்று எழுத வேண்டும், அதுதான் பூஜ்ய மின்னழுத்தப் புள்ளி. முதல் வரி எப்போதும் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும், அதில் எந்தப் பொருளையும் எழுதிவிடாதீர்கள்.

```
* 24V 9V circuit
V1 A 0 24
R1 A P 2
R3 P 0 6
V2 B 0 9
R2 B P 3
.op
.end
```

ஓட்டினால் P-யில் 15 வோல்ட் காட்டும். V2 வரியை `V2 0 B 9` என்று மாற்றினால் 9 வோல்ட் வரும். இதில் மின்மூலத்தின் மின்னோட்டத்தை + முனைக்குள் நுழைவதாக வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால் மின்னோட்டம் தருகிற V1-க்கு −4.5 என்றும், சார்ஜ் ஆகிற V2-க்கு +2 என்றும் வரும். அந்தக் குறியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த எட்டு வரியைக் கேள்வியோடு சேர்த்துப் போட்டால், பதில் சொல்பவர் படம் வரையாமலே சரிபார்த்துவிடுவார்.

மின்சுற்று இப்படி எழுத்துக்கு எளிதாக அடங்குவதற்குக் காரணம் அதில் நீளமும் கோணமும் பொருட்டில்லை என்பதுதான். மற்றப் படங்களுக்கு வேறு விவரங்கள் வேண்டும். சாய்தளம், கப்பிக் கணக்கு என்றால் கோணம் கிடைமட்டத்திலிருந்தா செங்குத்திலிருந்தா, எந்தப் பொருள் தளத்தில் இருக்கிறது, எது தொங்குகிறது, உராய்வு எந்தப் பரப்பில் என்பவற்றைச் சொல்ல வேண்டும். வரைபடம் என்றால் இரண்டு அச்சிலும் என்ன அளவு, என்ன அலகு என்று எழுதிவிட்டு, கோடு திரும்பும் புள்ளிகளைக் கொடுங்கள். "(0,0), (4,20), (10,20), (12,0), இடையில் நேர்கோடுகள், கிடை அச்சு நொடி, நிலை அச்சு மீட்டர்/நொடி" என்றால் கடந்த தூரம் 180 மீட்டர் என்று உடனே சொல்லிவிடலாம். நிலை அச்சின் அலகை மறந்து, அது இடப்பெயர்ச்சி மீட்டரில் என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால், அதே புள்ளிகளுக்குப் பொருள் 20 மீட்டர் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது என்றாகும். வளைகோடாக இருந்தால் எழுத்தால் ஓரளவுக்குத்தான் முடியும். அதைக் கையால் வரைந்து, போட்டோ எடுத்து, "நினைவிலிருந்து வரைந்தது" என்று படத்தின் மீதே எழுதிப் போடுவது நல்லது.